தாக்கல் செய்த மனுவும் இணைப்புகளும் ஒத்துப்போகவில்லை என்றால்: மேலதிகாரிக்குப் பாராலீகல் எழுதும் மின்னஞ்சல், முழுமையான வழிகாட்டி

மனு தாக்கலாகிவிட்டது. டைரி எண்ணும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கோப்பைப் புரட்டும்போது மனுவில் ஒரு தேதியும் இணைப்பில் வேறொரு தேதியும் கண்ணில் படுகின்றன. உடனே வக்கீலுக்கு எழுதியாக வேண்டும். ஆனால் "மேடம், பெட்டிஷன்ல நிறைய மிஸ்டேக் இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று எழுதினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பக்கம், எது சரி, எவ்வளவு நேரம் இருக்கிறது, யார் கையில் பழைய பிரதி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அவரே திரும்பக் கேட்க வேண்டிவரும்.

உச்ச நீதிமன்றத்தில் தாக்கலாகும் சிறப்பு அனுமதி மனுவை, அதாவது எஸ்.எல்.பி.யை, எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். காரணம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போகும் சிவில் எஸ்.எல்.பி.யில் பத்திரங்களும் சாட்சியங்களும் பெரும்பாலும் தமிழில் இருக்கும், இணைப்பாகப் போவது அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மூல ஆவணம், மொழிபெயர்ப்பு, மனு என்று மூன்று அடுக்குகள் சேரும் இடத்தில்தான் முரண்பாடுகள் அதிகம் பிறக்கின்றன.

மாதிரி வழக்கு

இப்படி ஒரு வழக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் கட்சிக்காரர் ஒரு நிலத்தை வாங்கியிருக்கிறார். அதே விற்பனையாளரிடமிருந்து அதே நிலத்தை எதிர்த்தரப்பும் வாங்கியிருக்கிறது, அவர்களுடைய கிரயப் பத்திரத்தின் தேதி 16.03.1998. உரிமை அறிவிப்பு கோரிய வழக்கு விசாரணை நீதிமன்றம், முதல் மேல்முறையீடு எல்லாம் தாண்டி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீட்டில் 18.07.2024 அன்று நமக்கு எதிராக முடிந்தது. எஸ்.எல்.பி.க்குக் காலவரம்பு 90 நாள், அது 16.10.2024-ல் முடிகிறது. மனு 10.10.2024 அன்று தாக்கலானது. பதிவகம் 21.10.2024 அன்று குறைகளை அறிவித்தது. குறைகளை நிவர்த்தி செய்ய விதிகள் தரும் 28 நாள் 18.11.2024-ல் முடியும். மறுதாக்கலுக்குத் தயார் செய்யும்போதுதான், 06.11.2024 அன்று, பாராலீகல் முரண்பாடுகளைக் காண்கிறார்.

முதலில், தாக்கலான பிரதியைக் கையில் எடுங்கள்

கணினியில் இருக்கும் கடைசி வரைவை வைத்து ஒப்பிடாதீர்கள். தாக்கலுக்கு முந்தைய இரவு சீனியர் செய்த திருத்தம் வரைவில் ஏறாமல் இருக்கலாம், வரைவில் இருக்கும் திருத்தம் தாக்கலான பி.டி.எஃப்.பில் இல்லாமலும் இருக்கலாம். மின்தாக்கலில் ஏற்றிய அதே கோப்பைத் தனி ஃபோல்டரில் வையுங்கள், அதில் எதையும் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பக்க எண்ணும் அந்தக் கோப்பின் பக்க எண்ணாக இருக்க வேண்டும். சினாப்சிஸும் தேதிப் பட்டியலும் ஆங்கில எழுத்துப் பக்கங்களில் வரும், மற்றவை எண் பக்கங்களில். பி.டி.எஃப். திரையில் தெரியும் பக்க எண் இந்த இரண்டோடும் பொருந்தாது. அதனால் மின்னஞ்சலில் "பேப்பர்புக் பக்கம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

இணைப்பிலிருந்து மனுவுக்குப் போங்கள், மனுவிலிருந்து இணைப்புக்கு அல்ல

பெரும்பாலானோர் மனுவைப் படித்துக்கொண்டே இணைப்பைப் புரட்டுவார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. மனு என்ன சொல்கிறதோ அதைத்தான் கண் இணைப்பில் தேடும், கிடைத்ததும் அடுத்ததற்குப் போய்விடும். மனு பேசாத ஒன்று இணைப்பில் இருந்தால் அது தப்பிவிடும். காணாமல் போன பக்கம் நிச்சயம் தப்பும்.

ஆகவே ஒவ்வொரு இணைப்பையும் தனியாக எடுத்து, மனுவைப் பார்க்காமல், அதிலிருக்கும் தேதி, சர்வே எண், தரப்பினர் பெயர், தொகை, பத்தி எண் வரிசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த இணைப்பைப் பற்றி மனுவில் எங்கெல்லாம் பேச்சு வருகிறது என்று தேடுங்கள். ஒரே ஆவணம் குறைந்தது நான்கு இடங்களில் தலைகாட்டும்: பொருளடக்கம், சினாப்சிஸ், தேதிப் பட்டியல், கிரவுண்ட்ஸ். மூன்றில் சரியாக இருந்து ஒன்றில் மட்டும் தவறியிருக்கலாம். எஸ்.எல்.பி.யில் வழக்கின் கதை முழுவதும் தேதிப் பட்டியலில்தான் இருக்கும் என்பதால், அங்கே ஒரு தவறு நுழைந்தால் அது மற்ற இடங்களுக்கும் பரவியிருக்க வாய்ப்பு அதிகம்.

நம் மாதிரி வழக்கில் இப்படி ஒப்பிட்டதில் நான்கு முரண்பாடுகள் கிடைத்தன என்று கொள்வோம். தேதிப் பட்டியலில் நம் கட்சிக்காரரின் கிரயப் பத்திரம் 23.03.1998 தேதியிட்டது என்று இருக்கிறது, இணைப்பு பி-1-லோ எழுதிக்கொடுத்த தேதி 12.03.1998. சினாப்சிஸில் சர்வே எண் 114/2பி, பி-1-ன் மொழிபெயர்ப்பில் 114/2ஏ. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பான பி-3-ல் பத்தி 13-க்குப் பிறகு நேராகப் பத்தி 15 வருகிறது. கடைசி இணைப்பான பி-6 ஒரு பட்டா, அதன் தேதி 04.09.2024.

எந்த முனை தவறு என்று மூல ஆவணத்தைக் கேளுங்கள்

இந்த வேலையில் மிகவும் சறுக்கும் இடம் இது. மனுவும் இணைப்பும் மாறுபட்டால் மனுதான் தவறு என்று நினைத்துவிடுகிறோம். இணைப்பு "ஆவணம்" அல்லவா! ஆனால் எஸ்.எல்.பி.யில் இணைப்பாக இருப்பது பெரும்பாலும் தட்டச்சுப் பிரதி அல்லது மொழிபெயர்ப்பு. யாரோ ஒருவர் உட்கார்ந்து அடித்தது. அதிலும் தவறு இருக்கும்.

சர்வே எண்ணைப் பாருங்கள். தமிழ்ப் பத்திரத்தில் அது 114/2ஆ என்று இருக்கிறது. உட்பிரிவுகளை அ, ஆ, இ என்று எழுதும் வழக்கத்தில் ஆ என்பது இரண்டாவது உட்பிரிவு, ஆங்கிலத்தில் பி என்று போக வேண்டும். மொழிபெயர்த்தவர் ஒலியைப் பார்த்து ஏ என்று அடித்துவிட்டார். கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் சொத்து விவரத்திலும் 2பி என்றே இருக்கிறது. அதாவது மனு சரி, இணைப்புதான் தவறு. பாராலீகல் இணைப்பை நம்பி மனுவை 2ஏ என்று மாற்றச் சொல்லியிருந்தால், வேறொருவர் நிலத்துக்கு உரிமை கேட்கும் மனுவாக அது ஆகியிருக்கும்.

தேதியில் கதை வேறு. மூலப் பத்திரத்தில் இரண்டு தேதிகளுமே இருக்கின்றன. 12.03.1998 எழுதிக்கொடுத்த நாள், 23.03.1998 சார்பதிவாளர் பதிவு செய்த நாள். மனு பதிவுத் தேதியைப் பத்திரத் தேதியாகப் போட்டுவிட்டது. சாதாரண வழக்கில் இதைச் சின்னத் தவறு என்று விட்டுவிடலாம். இங்கே எதிர்த்தரப்புப் பத்திரம் 16.03.1998, இரண்டு தேதிகளுக்கும் நடுவில் வருகிறது. பதிவுச் சட்டம் பிரிவு 47-ன்படி, பதிவான ஆவணம் பதிவு நாளிலிருந்து அல்ல, பதிவு தேவைப்படாதிருந்தால் எந்த நாளிலிருந்து செயல்பட்டிருக்குமோ அந்த நாளிலிருந்தே செயல்படும். நம் கட்சிக்காரரின் வாதமே அவர் பத்திரம் முந்தியது என்பதுதான். தேதிப் பட்டியலைப் படிப்பவருக்கு அது பிந்தியது என்று தோன்றும். தேதி எதற்கு நடுவில் விழுகிறது என்று பார்க்காமல் "சின்னது, பெரியது" என்று பிரிக்க முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எந்த உறுதிமொழியைத் தொடுகிறது என்று பாருங்கள்

எஸ்.எல்.பி.யில் மூன்று வாக்குறுதிகள் கையெழுத்தோடு போகின்றன. மனுதாரரின் அஃபிடவிட், சினாப்சிஸும் தேதிப் பட்டியலும் மனுவும் உண்மை என்று சொல்கிறது. மனுவின் 4-ஆம் பத்தி, இணைப்புகள் எல்லாம் கீழ் நீதிமன்றப் பதிவேட்டில் இருந்த ஆவணங்களின் உண்மை நகல்கள் என்று அறிவிக்கிறது. இதற்கு மேல் அட்வகேட் ஆன் ரெக்கார்ட் தரும் சான்றிதழ், கீழே இல்லாத புதிய தகவலோ ஆவணமோ இதில் சேர்க்கப்படவில்லை என்கிறது. ஒவ்வொரு முரண்பாட்டுக்கும் நேரே, இந்த மூன்றில் எதை அது பொய்யாக்குகிறது என்று எழுதிப் பாருங்கள். முன்னுரிமை தானாக வந்துவிடும்.

பி-6 பட்டாவை வைத்துப் பாருங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஜூலையில், பட்டா செப்டம்பரில். அது கீழ் நீதிமன்றப் பதிவேட்டில் இருந்திருக்கவே முடியாது. பட்டாவில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 4-ஆம் பத்தியும் வக்கீலின் சான்றிதழும் அதனால் தவறாகின்றன. கூடுதல் ஆவணம் தாக்கல் செய்ய அனுமதி கேட்டுத் தனி மனு போடலாம், அல்லது பட்டாவை எடுத்துவிடலாம். எது என்பதை வக்கீல் முடிவு செய்வார். ஆனால் கையெழுத்து அவருடையது என்பதால், இதைக் கேள்விப்படும் முதல் ஆளும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

நான்கிலும் கனமானது பி-3. விடுபட்ட பத்தி 14-ல், நிலம் தன் அனுபவத்தில் இருப்பதை மனுதாரர் நிரூபிக்கவில்லை என்று விசாரணை நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் மனுவின் கிரவுண்ட் ஒன்றோ, அனுபவம் பற்றிக் கீழமை நீதிமன்றங்கள் எந்த முடிவும் சொல்லவில்லை என்கிறது. தட்டச்சர் சான்று நகலின் ஒரு பக்கத்தைத் தவறவிட்டதால் நடந்த விஷயம் இது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அப்படிச் சொல்ல மாட்டார். ஆவணத்தை மறைப்பதை உச்ச நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு 1993 அக்டோபரில் வந்த எஸ்.பி. செங்கல்வராய நாயுடு வழக்குத் தீர்ப்பைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். தான் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தை வாதி சொல்லாமல் விட்டதை, நீதிமன்றத்தின் மீதே செய்த மோசடி என்றது அந்தத் தீர்ப்பு. நம் விஷயம் தட்டச்சுத் தவறு என்று காட்ட வேண்டுமானால், எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும் முன் நாமே சரிசெய்திருக்க வேண்டும்.

தட்டச்சுப் பிரதியில் பக்கம் விட்டுப்போனால் பேப்பர்புக் பக்க எண்களில் தெரியாது, எண்கள் வரிசையாகவே ஓடும். பத்தி எண்களையும், பக்கத்தின் கடைசி வாக்கியம் அடுத்த பக்கத்தின் முதல் வரியோடு இணைகிறதா என்பதையும் பார்த்தால்தான் பிடிபடும்.

மின்னஞ்சல்

இனி எழுதலாம். உங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள் என்றாலும் அமைப்பு இதேதான்.

> பொருள்: டைரி எண் ____/2024: மனுவுக்கும் இணைப்புகளுக்கும் இடையே 4 முரண்பாடுகள், மறுதாக்கல் கடைசி நாள் 18.11.2024
>
> வழக்கறிஞர்–கட்சிக்காரர் ரகசியத் தொடர்பு
>
> வணக்கம் மேடம்,
>
> மேற்படி எஸ்.எல்.பி.யை மறுதாக்கலுக்குத் தயார் செய்யும்போது, 10.10.2024 அன்று மின்தாக்கலான பிரதியை இணைப்புகளோடும், நம்மிடம் உள்ள சான்று நகல்கள் மற்றும் தமிழ் மூலங்களோடும் ஒப்பிட்டேன். நான்கு இடங்கள் பொருந்தவில்லை. முதல் இரண்டையும் நீங்கள் இன்றே பார்த்தால் நல்லது. பக்க எண்கள் எல்லாம் பேப்பர்புக் பக்க எண்கள்.
>
> 1. பி-3, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு (பக். 45–62): பத்தி 14 இல்லை.
> பக். 53 பத்தி 13-ன் கடைசி வரியோடு முடிகிறது. பக். 54 பத்தி 15-ல் தொடங்குகிறது. சான்று நகலின் 9-ஆம் பக்கம் தட்டச்சில் விடுபட்டிருக்கிறது, பத்தி 14 முழுவதும் அந்தப் பக்கத்தில் உள்ளது.
> அந்தப் பத்தி அனுபவம் பற்றியது. நம் கிரவுண்ட் டி (பக். 21), அனுபவம் குறித்து எந்த முடிவும் சொல்லப்படவில்லை என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வசதியாக இந்த மின்னஞ்சலின் இணைப்பு 1-ல் வைத்துள்ளேன்.
>
> 2. பி-6, பட்டா (பக். 85–86): தேதி 04.09.2024.
> எதிர்க்கப்படும் தீர்ப்பின் தேதி 18.07.2024. மனுவின் பத்தி 4 (பக். 15), பி-1 முதல் பி-6 வரை கீழ் நீதிமன்றப் பதிவேட்டில் இருந்தவை என்கிறது. உங்கள் சான்றிதழிலும் அதே பொருள் வருகிறது. கூடுதல் ஆவணத்துக்கான அனுமதி மனு எதுவும் தாக்கல் பட்டியலில் இல்லை.
>
> 3. பி-1, கிரயப் பத்திரத்தின் தேதி.
> தேதிப் பட்டியல் (பக். டி): 23.03.1998. பி-1 மொழிபெயர்ப்பு (பக். 32): 12.03.1998 எழுதிக்கொடுத்தது. பதிவுக் குறிப்பு (பக். 37): 23.03.1998. தமிழ் மூலத்திலும் இவ்விரண்டு தேதிகளே உள்ளன. கிரவுண்ட் பி (பக். 18) 12.03.1998 என்கிறது. எதிர்த்தரப்புப் பத்திரத்தின் தேதி 16.03.1998.
>
> 4. பி-1, சர்வே எண்.
> சினாப்சிஸ் (பக். பி): 114/2பி. பி-1 மொழிபெயர்ப்பின் சொத்து விவரம் (பக். 34): 114/2ஏ. தமிழ் மூலம்: 114/2ஆ. பி-3-ன் சொத்து விவரம் (பக். 61): 114/2பி. மொழிபெயர்ப்பில் நேர்ந்த மாற்றம் போலத் தெரிகிறது.
>
> நிலவரம்: குறைகள் 21.10.2024 அன்று அறிவிக்கப்பட்டன, 28 நாள் 18.11.2024-ல் முடிகிறது. மனு இன்னும் பதிவாகவில்லை. எதிர்த்தரப்பு கேவியட் போட்டிருக்கிறது, அவர்கள் வக்கீலுக்கு 10.10.2024 பிரதி போயிருக்கிறது. அதில் மேற்சொன்ன நான்கும் அப்படியே உள்ளன. பதிவகம் சொன்ன குறைகளில் இந்த நான்கும் இல்லை.
>
> நான் பார்க்காதவை: பி-5-ன் தமிழ் மூலம் நம்மிடம் இல்லை, அதை ஒப்பிடவில்லை. பொருளடக்கத்திலும் பி-4-லும் சில எழுத்துப் பிழைகள் உள்ளன, அவை இணைப்பு 2-ல்.
>
> உங்களிடமிருந்து தேவை: (அ) கிரவுண்ட் டி, பி-6 இரண்டையும் பற்றிய உங்கள் முடிவு. (ஆ) பி-3-ன் விடுபட்ட பக்கத்தைத் தட்டச்சு செய்யவும், பி-1-ன் பக். 34-ஐ மொழிபெயர்ப்பாளருக்குத் திருப்பி அனுப்பவும் அனுமதி. (இ) தேதிப் பட்டியல் மாறினால் கட்சிக்காரர் புதிய அஃபிடவிட்டில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அவர் ஊரில் இருக்கிறார், தபாலில் போய்வரக் குறைந்தது நான்கு நாள் ஆகும். ஆகவே 11.11.2024-க்குள் வரைவு உறுதியானால் வசதி.
>
> உங்கள் பதில் வரும் வரை தாக்கலான பிரதியில் எதையும் மாற்றவில்லை. பதிவகத்திடமோ கட்சிக்காரரிடமோ பேசவும் இல்லை.
>
> — பாராலீகல்

இதில் கவனிக்க வேண்டியவை

வரிசை பக்க எண்ணைப் பின்பற்றவில்லை. பேப்பர்புக்கில் முதலில் வருவது பி-1 என்றாலும் மின்னஞ்சலில் பி-3 முதலில் நிற்கிறது. வக்கீல் கோர்ட் வராந்தாவில் நின்றபடி போனில் முதல் பத்தியை மட்டும் படித்தாலும் எது அவசரம் என்று தெரிந்துவிட வேண்டும். எழுத்துப் பிழைகளை அதே காரணத்துக்காகத்தான் தனித் தாளுக்குத் தள்ளியிருக்கிறோம். முப்பது வரிப் பட்டியலின் நடுவில் விடுபட்ட பத்தி கிடந்தால் அது யார் கண்ணிலும் படாது.

ஒவ்வொரு உருப்படியிலும் மனு சொல்வது, இணைப்பு சொல்வது, மூலம் சொல்வது என மூன்றும் இருக்கின்றன. பாராலீகலின் சொந்த முடிவு மட்டும் இல்லை. "கிரவுண்ட் டி தவறு, நீக்க வேண்டும்" என்று பாராலீகல் எழுதவில்லை. முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்தி 14-ஐ ரத்து செய்திருக்கலாம், அதை மனதில் வைத்தே வக்கீல் அந்த வரியை எழுதியிருக்கலாம். அப்படியானால் கிரவுண்டை நீக்காமல் வேறுவிதமாகச் சொன்னால் போதும். சர்வே எண்ணில்கூட "போலத் தெரிகிறது" என்று நிறுத்தியிருப்பது தயக்கத்தால் அல்ல. மொழிபெயர்ப்பாளர் சரிபார்த்து ஒப்புக்கொள்ளும் வரை அது ஊகம்தான்.

சொற்களிலும் கவனம் வேண்டும். "மறைத்துவிட்டோம்", "பொய்யாகச் சொல்லியிருக்கிறோம்", "இது தெரிந்தால் மாட்டிக்கொள்வோம்" போன்றவை மின்னஞ்சலில் வரவே கூடாது. அவை நடந்ததைச் சொல்வதில்லை, நடந்ததற்கு ஒரு நோக்கத்தை ஒட்டிவிடுகின்றன. "பக்கம் 9 தட்டச்சில் விடுபட்டிருக்கிறது" என்பது உண்மை, அதுவே போதும். வழக்கறிஞரின் தொழில்முறைத் தொடர்புகளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு அவருடைய எழுத்தர்களுக்கும் பணியாளர்களுக்கும் நீள்கிறது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 126, 127 பிரிவுகளில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் மின்னஞ்சலை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அதில் கட்சிக்காரரின் மைத்துனரும் இருந்தால், அந்தப் பாதுகாப்பை நம்பி நிற்க முடியாது. பெறுநர் பகுதியில் வழக்கைக் கையாளும் வக்கீல் மட்டும் போதும். நகல் யாருக்கு என்பதை அவர் சொல்லட்டும்.

"நான் பார்க்காதவை" என்ற பகுதியைப் பலர் எழுதுவதில்லை. பி-5-ஐப் பார்க்கவில்லை என்று சொல்லாவிட்டால், அது சரியாக இருக்கிறது என்றுதான் வக்கீல் எடுத்துக்கொள்வார்.

கேவியட் வரி சின்னதாகத் தெரிந்தாலும் முடிவையே மாற்றக்கூடியது. பழைய பிரதி எதிர்த்தரப்பிடம் இருக்கும்போது மறுதாக்கலில் சத்தமில்லாமல் பக்கங்களை மாற்றினால், இரண்டு பிரதிகளையும் அவர்கள் நீதிமன்றத்தில் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவார்கள். திருத்திய பக்கங்களை அவர்களுக்கும் அனுப்பி, என்ன மாறியது என்று வெளிப்படையாகச் சொல்வதா, அதற்குத் தனி மனு வேண்டுமா என்பதை வக்கீல் தீர்மானிக்க இந்தத் தகவல் தேவை. மனு ஏற்கெனவே பதிவாகி, பட்டியலில் வந்திருந்தால் வழி இன்னும் குறுகும். அப்போது மறுதாக்கல் என்ற வாய்ப்பே இல்லை, எதைச் செய்வதானாலும் மனு போட்டுத்தான் செய்ய வேண்டும். ஆகவே வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை எப்போதும் எழுதிவிடுங்கள்.

மின்னஞ்சலின் இணைப்பு 1-க்கு வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. பக். 53, சான்று நகலின் பக்கம் 9, பக். 54, கிரவுண்ட் டி உள்ள பக். 21 நான்கையும் இந்த வரிசையில் ஒரே பி.டி.எஃப்.பாகச் சேருங்கள். உரிய வரிகளில் மஞ்சள் தீட்டுவது சரி, ஆனால் அது வேலைப் பிரதியில் மட்டும். தாக்கலான கோப்பில் தீட்டிச் சேமித்துவிட்டால், பிறகு எது தாக்கலானது என்று நீங்களே தேடுவீர்கள்.

அனுப்பிய பிறகு

பதில் வரவில்லையா? மின்னஞ்சலோடு நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு உருப்படிகளுக்காக அன்று மாலைக்குள் போன் செய்யுங்கள். "மேடம், டைரி நம்பர் விஷயமா ஒரு மெயில் போட்டிருக்கேன், முதல் ரெண்டு பாயிண்டை மட்டும் இன்னிக்கே பாத்துடுங்க" என்றால் போதும். போனில் அவர் முடிவு சொன்னால், "பேசியபடி பி-6 நீக்கப்படுகிறது, பத்தி 4-லும் பொருளடக்கத்திலும் பி-5 வரை என்று மாறும்" என அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரி போடுங்கள். வாய்மொழி முடிவு ஒரு வாரத்தில் இருவர் நினைவிலும் இரண்டு விதமாக மாறிவிடும்.

"இது எல்லாம் வேண்டாம், பதிவகம் சொன்ன குறையை மட்டும் சரிசெய்து போடு" என்று பதில் வந்தால்? சர்வே எண் போன்றதில் அதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் விடுபட்ட பத்திக்கும் பி-6-க்கும் இந்தப் பதில் வந்தால், அஃபிடவிட்டும் சான்றிதழும் அதே நிலையில் மீண்டும் போகின்றன என்பதை ஒரு முறை, ஒரே வரியில், மரியாதையாக எழுதிக் கேளுங்கள். அதற்கு மேல் வாதாடுவது உங்கள் இடம் இல்லை. பதிவகக் கவுண்டரில் நீங்களாகவே பக்கத்தை மாற்றிவைப்பது ஒருபோதும் கூடாது.

திருத்தம் முடிவானதும் பக்க எண் வேலை தொடங்கும். பி-3-ல் ஒரு பக்கம் நுழைந்தால் அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் ஒன்று தள்ளும். புதிய பக்கத்தை 53ஏ என்று வைத்தால் தள்ளாது, ஆனால் பொருளடக்கத்தில் அது தெரிய வேண்டும். பி-6 நீங்கினால் கடைசி இரண்டு பக்கங்கள் போகும், அதற்குப் பின்னால் உள்ள இடைக்கால மனுக்களின் எண்கள் மாறும். அஃபிடவிட்டில் "பக்கம் இதுமுதல் இதுவரை" என்று வரும் இடங்களையும் திரும்பப் பாருங்கள். புதிய கோப்பு தயாரானதும், பழைய ஒப்பீட்டுப் பட்டியலை வைத்து "சரிசெய்தாயிற்று" என்று டிக் போடாமல், இணைப்பிலிருந்து மனுவுக்கு இன்னொரு முறை முழுதாகப் போங்கள். முடிந்தால் முதல் முறை ஒப்பிட்டவர் அல்லாத வேறொருவர் இதைச் செய்யட்டும். அந்த முடிவை "மறுதாக்கல் பிரதி ஒப்பிடப்பட்டது" என்று தேதியோடு அதே மின்னஞ்சல் தொடரில் போட்ட பிறகே கோப்பை ஏற்றுங்கள்.